கண்ணில் சதை வளர்ந்தவர்கள், எடுத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

உப்பளத்து மகன்

அப்பாவுக்கு 56 வயது. தூத்துக்குடி உப்பளத்தில் 30 வருடத்துக்கு மேல் உப்பு வாருகிறார். வலது கண்ணில் மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து ஒரு சதை கருவிழி மேல் ஏறியிருக்கிறது. அடிப்பக்கம் அகலம், நுனி கூர். ஈ இறக்கையை ஒட்டி வைத்தது மாதிரி இருக்கும். ரொம்ப வருடமாகவே உண்டு. காற்றடித்தால் கண் சிவக்கும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவார், இரண்டு நாளில் சிவப்பு போய்விடும். 2 வருடமாக இதுதான் வழக்கம்.

போன மாதம் பேத்தியின் நோட்டை வாசிக்க முடியவில்லை என்றார். அதற்கு முன் ஒரே வருடத்தில் 2 முறை கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணுக்கு மட்டும் கருவிழி வளைவின் கோணலுக்கான சிலிண்டர் பவர் 3.5 என்றார்கள். சதை கருவிழிக்குள் 3 மில்லிமீட்டர் வந்திருக்கிறதாம். அதோடு கண்ணின் அழுத்தம் 28. எடுத்துவிடலாம், ஆனால் முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும் என்கிறார்கள். இதே மாதிரி யாருக்காவது இருந்ததா? எடுத்த பிறகு எப்படி இருக்கிறது?

பாம்பன் அக்கா

தம்பி, என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவருக்கு 20 வருடம் முன்னாலேயே ஒரு முகாமில் எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் சுரண்டி எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலே மாதத்தில் திரும்ப வந்தது, முன்னைவிடத் தடிப்பாக, சிவப்பாக. இரண்டாம் தடவை எடுத்த டாக்டர், உள்ளே தழும்பு ஒட்டிக்கிடக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டார். இப்போதும் வெளிப்பக்கமாகப் பார்க்கும்போது அந்தக் கண் கொஞ்சம் இழுக்கும். எடுக்கிற இடத்தில் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மேஸ்திரி

கருவிழி நடுவில் இருக்கிற பாப்பாவைத் தொடும் வரை இதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் இருக்கிறது. 12 வருடமாக அப்படியேதான் நிற்கிறது. அப்பாவுக்குப் பாப்பாவைத் தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கண் பரிசோதகர்

மேஸ்திரி அண்ணன் சொல்வதில் பாதி சரி. அசையாமல் நிற்கிற சதையைத் தொடாமல் விடுவதுதான் நல்லது, உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பார்வை கெடுவதற்குச் சதை பாப்பா வரை வர வேண்டியதில்லை. கருவிழி ஒரு பந்தின் மேல் பரப்பு மாதிரி வளைந்திருக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஏறுகிற சதை அந்தப் பக்கத்து வளைவைத் தட்டையாக்கிவிடும். பாப்பா சுத்தமாகவே இருக்கும், ஆனால் எழுத்து இரண்டாகத் தெரியும். உள்ளே 3 மில்லிமீட்டர் போனதும் இந்தக் கோணல் நன்றாகவே தெரியத் தொடங்கும். கண்ணாடி மாற்றி மாற்றியும் நிற்கவில்லை என்பது அதனால்தான். அப்பாவுக்கு எடுக்கச் சொன்னது சரியான முடிவு.

என்னைக் கவலைப்படுத்துவது அந்தச் சொட்டு மருந்து. இரண்டே நாளில் சிவப்பை அடக்குகிற மருந்து பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். சதையின் வளர்ச்சியை அது நிறுத்தாது. அழுத்தம் 28-க்கு ஏறியதற்கு அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தோஹாவிலிருந்து

எனக்கு 29 வயது, சாரம் கட்டுகிற வேலை. இடது கண்ணில் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பார்வையில் குறையில்லை. அடுத்த வருடம் கல்யாணம், போட்டோவில் சிவப்பாகத் தெரிகிறது. ஊருக்கு வரும்போது லேசரில் எடுத்துவிடலாமா?

கண் பரிசோதகர்

தம்பி, இதை லேசரில் எடுப்பதில்லை, கத்தியில்தான் எடுக்கிறார்கள். உங்கள் வயதில் திரும்ப வளர்கிற வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். வெயில்தான் இதை வளர்க்கிறது, எடுத்த கையோடு நீங்கள் அதே வெயிலுக்குத் திரும்பப் போகிறீர்கள். நானாக இருந்தால் 6 மாதத்துக்கு ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பேன்.

திருச்சி ஆசிரியை

எங்கள் அம்மாவுக்கும் கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருக்கிறது, பாப்பா முழுக்க. இதுவும் வெயிலால்தானா? எடுத்தால் திரும்ப வளருமா?

கண் பரிசோதகர்

அக்கா, பாப்பாவுக்குள் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் கண்புரை. அது உள்ளே இருக்கிற லென்ஸில் வருவது, இது மேலே படர்கிற சதை. காட்டிவிடுங்கள், ஆனால் இந்தப் பேச்சு அம்மாவுக்குப் பொருந்தாது.

பெயிண்டர் (கோவை)

தோஹா தம்பிக்கு ஒரு மாற்றுக் கருத்து. நான் 31 வயதில் எடுத்தேன். சின்னதுதான், ஆனால் தினமும் உறுத்தியது, சொட்டு மருந்திலும் நிற்கவில்லை. 4 வருடமாச்சு, திரும்ப வரவில்லை. மேல் இமைக்கு அடியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, சதை இருந்த இடத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். பாம்பன் அக்கா சொன்ன மாதிரி வெறுமனே சுரண்டி விட்டால்தான் திரும்ப வருவது அதிகம் என்று டாக்டர் சொன்னார்.

கண் பரிசோதகர்

ஒட்டு வைத்தாலும் சிலருக்குத் திரும்புகிறது. ஆனால் வெறும் சுரண்டலோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. தினமும் உறுத்தல் இருந்ததால் உங்களுக்கு எடுத்ததில் நியாயம் உண்டு. போட்டோவுக்காக மட்டும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் டாக்டர்களுக்குள்ளேயே வேறு வேறு கருத்து இருக்கிறது.

இன்னொன்று. எல்லாச் சதையும் இது இல்லை. சில மாதத்திலேயே மளமளவென்று வளர்ந்தாலோ, கூழ் மாதிரி மேடாகவோ வெள்ளைப் படலமாகவோ இருந்தாலோ, தடித்த ரத்தக்குழாய் அதற்குள் ஓடினாலோ காத்திருக்கக் கூடாது. அதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், புற்றாகவும் இருக்கலாம்.

உப்பளத்து மகன் (5 மாதம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பாட்டிலைக் காட்டினோம், ஸ்டீராய்டுதான். அதை நிறுத்தி, அழுத்தம் குறைக்கிற மருந்து கொடுத்தார்கள். 5 வாரத்தில் 17-க்கு வந்தது. அழுத்தத்தால் கெடாமல் கண் நரம்பு தப்பித்தது என்று டாக்டர் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த மற்ற இரண்டு பாட்டிலையும் எடுத்துக் குப்பையில் போட்டார்.

அறுவை 40 நிமிடம். கண்ணைச் சுற்றி மட்டும் மரக்க ஊசி. பசை போட்டுத்தான் ஒட்டினார்கள். முதல் மூன்று நாள் கண்ணீர் கொட்டியது, வலி இருந்தது. அப்புறம் திரும்பவும் ஸ்டீராய்டு சொட்டுதான் கொடுத்தார்கள், நாங்கள் பயந்துபோய்க் கேட்டோம். ஒட்டு பிடிக்கிற வரை அது வேண்டும், லேசான வகையாகத் தருகிறேன், வருகிற ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்ப்பேன் என்றார். அப்படியேதான் செய்தார். 2 மாதம் கழித்து சிலிண்டர் 1.0. அந்தக் கண்ணில் ஆரம்பப் புரையும் இருக்கிறதாம். கருவிழியின் வளைவு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் புரையை எடுத்து வைக்கிற லென்ஸின் பவரை அளக்க முடியும், அதனால் சதையை முதலில் எடுத்தது நல்லதாகப் போயிற்று என்றார்.

திரும்ப வளர்ந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும் என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் 9 மாதம் இருக்கிறது. அப்பா அளத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார். பக்கமும் மூடுகிற கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். தொப்பி போட்டாலும் கீழே உப்பிலிருந்து வெளிச்சம் மேலே அடிக்கிறதே. விடியற்காலையில் போட்டுக்கொண்டு போகிறார். 9 மணிக்குள் வியர்வையும் உப்புநீரும் தெறித்து, கண்ணாடியில் உப்பு பூத்துவிடுகிறது. துண்டால் துடைத்தால் கீறல் விழுகிறது, கழற்றி இடுப்பில் செருகிவிடுகிறார். குடிக்கிற தண்ணீரில் கழுவச் சொன்னால் தண்ணீர் வீணாகும் என்கிறார். உப்பளத்தில் வேலை செய்கிற யாராவது இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.