"மட்கும்" என்று எழுதிய கப் மட்கவில்லை

மைத்துளி:
பி.எல்.ஏ. என்ற தாவரவகைப் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கு வாசகம் எழுதியது நான்தான். "100% மட்கும், இயற்கைக்கு இதமானது." சான்றிதழ் இருக்கிறது என்றார்கள், வாங்கிப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து வாங்கியவர் ஒருவர் படம் அனுப்பினார். வீட்டு உரக்குழியிலிருந்து எடுத்தது. தாள் எல்லாம் கரைந்துபோய், கப்பின் வடிவத்திலேயே ஒரு மெல்லிய தோல் மட்டும் அவர் உள்ளங்கையில் இருந்தது. "இதுதான் 100 சதவீதமா?" என்று ஒரே வரி. அந்தத் தோல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அடர்நீலம்:
இதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது? பி.எல்.ஏ. மக்காச்சோள மாவிலிருந்து வருவது. செடியிலிருந்து வந்தது மண்ணுக்குத்தானே போகும்? கொஞ்சம் பொறுத்திருந்தால் மட்கியிருக்கும்.

கூழ்:
அடர்நீலம், எதிலிருந்து வந்தது என்பது வேறு, எப்படி மட்கும் என்பது வேறு. பி.எல்.ஏ. சீக்கிரம் சிதைய நல்ல சூடு வேண்டும். சோதனைக்கூடத்தில் நாங்கள் 58 டிகிரியில் வைத்துத்தான் பார்ப்போம். இ.என். 13432 தொழில்முறை உரக்கூடத்துக்கான தரநிலை. 12 வாரம் கழித்து 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. வீட்டுக் குழியில் அந்தச் சூடு வாரக்கணக்கில் நிற்பதே அபூர்வம்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒருமுறை ஒரு தயாரிப்பாளர் சான்றிதழை நீட்டினார். அதில் இருந்தது மூலப்பொருளான பிசினின் பெயர். கப் இல்லை, அச்சு மை இல்லை, பூச்சின் தடிமன் இல்லை. அதை வைத்துக்கொண்டு கப் முழுவதும் மட்கும் என்று அச்சடித்திருந்தார். மைத்துளி, உங்கள் சான்றிதழில் எந்தப் பொருளின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நூலிழை:
எனக்கு நடந்தது துணியில். "மறுசுழற்சி நூல் 50% அதிகம்" என்று எழுதச் சொன்னார்கள். கணக்கு சரிதான்: முன்பு 4 சதவீதம், இப்போது 6. ஆனால் படிப்பவர் பாதித் துணி பழைய நூல் என்றுதான் நினைப்பார். "இந்தத் துணியில் 6% மறுசுழற்சி நூல்" என்று மாற்றிக் கொடுத்தேன். இவ்வளவு சின்ன எண்ணை எதற்குப் போட வேண்டும் என்று அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுவும் சம்மதம்தான்.

அடர்நீலம்:
அப்படியானால் "இயற்கைக்கு இதமானது" என்று மட்டும் எழுதிவிடலாமே? யாரும் அளந்து பார்க்க முடியாது.

கூழ்:
அளக்க முடியாது என்பதுதான் சிக்கல். சுற்றுச்சூழல் வாசகங்களுக்கான தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14021 இப்படிப்பட்ட பொத்தாம்பொதுவான சொற்களைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது.

மைத்துளி:
சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். கப்பின் பெயர்தான் இருக்கிறது, ஆனால் அச்சிடாத வெறும் கப். மையைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. இப்போதைக்கு என் வரி இது: "தொழில்முறை உரக்கூடத்தில் மட்டுமே மட்கும் (இ.என். 13432). வீட்டு உரக்குழியில் போட வேண்டாம்." விற்பனைப் பிரிவு இரண்டாவது வாக்கியத்தை எடுக்கச் சொல்கிறது. நான் எடுப்பதாக இல்லை. சரி, அப்படியொரு உரக்கூடமே பக்கத்தில் இல்லாதவருக்கு இந்த லேபிளில் என்ன எழுதுவது?