குடும்பக் குழு: கௌசிக்கு நாளைக்கு இன்டர்வியூ

மல்லிகா: கௌசிக்கு நாளைக்கு காலைல 11 மணிக்கு. சேகரண்ணா கொஞ்சம் பாருங்களேன். புள்ள ரெண்டு நாளா தூங்கல

விமலா: யாரு வராங்க

விமலா: பொண்ணு பாக்கவா?? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல

மல்லிகா: அக்கா, வேலைக்கு. இன்டர்வியூ

விமலா: ஓ சரி சரி

கௌசி: மாமா, ஆபரேஷன்ஸ்ல ஜூனியர் போஸ்ட். அனுபவம்னு சொல்ல அந்த 8 வார இன்டர்ன்ஷிப் மட்டும்தான் இருக்கு. மொத்தமே 6 பேர் உள்ள ஆபிஸ், சம்பளம் கிடையாது. வெறும் எக்செல் வேலைதான். பிரவீன் அண்ணா ரெஸ்யூமேக்கு எழுதிக் கொடுத்தது இது:

கௌசி: "டேட்டா அனலிஸ்ட், 3 மாதம். வாடிக்கையாளர் தரவு மேலாண்மைத் திட்டத்தை முன்னின்று நடத்தினேன்."

பிரவீன்: எப்படி இருக்கு 😎

சேகர்: ரெண்டு வரி. மூணு பொய்

பிரவீன்: மாமா எல்லாரும் இப்படித்தான் போடறாங்க

ரமேஷ்: நான் சேந்தப்ப ஒரே கேள்வி. எப்ப வர்றேன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்

விமலா: அதெல்லாம் அந்தக் காலம் ரமேஷு

சேகர்: கௌசி, ரெஸ்யூமே ஏற்கெனவே அனுப்பிட்டியா?

கௌசி: இல்ல மாமா, நாளைக்கு பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க

சேகர்: நல்லவேளை. சர்டிபிகேட்ல என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் போட்டிருக்கு?

கௌசி: "இன்டர்ன்". ஜூன் 6 முதல் ஜூலை 29

சேகர்: அதையே எழுது. ஆபர் கொடுக்கறதுக்கு முன்னாடியோ சேந்த பிறகோ பழைய இடத்தைக் கூப்பிட்டு சரிபாக்கற கம்பெனிகள் நிறைய. அவங்க கேக்கறதே முக்கியமா ரெண்டு விஷயம்தான், பதவி பேரு, தேதி. நீ அங்க நல்லா வேலை பாத்தியான்னு கேக்காமக்கூட விட்டுடுவாங்க, இதைக் கேக்காம விடமாட்டாங்க. 8 வாரத்தை 3 மாசமா மாத்தினா உனக்குக் கிடைக்கறது ஒரு மாசம். மாட்டினா போறது வேலை

பிரவீன்: அப்போ "டேட்டா இன்டர்ன்"னு போடலாமா? அதுவும் இன்டர்ன்தானே

சேகர்: பதவி பேரு காகிதத்துல இருக்கற மாதிரியே. என்ன வேலைன்னு அடுத்த வரில எழுதிக்கோ. "இன்டர்ன்"னு போட்டு கீழ "வாடிக்கையாளர் பட்டியல் சீரமைப்பு, எக்செல்"னு எழுதினா எவனும் குறை சொல்ல முடியாது

பிரவீன்: அது ஒத்துக்கறேன்

விமலா: சேகரு, எங்க சின்னவன் இன்டர்வியூ போனப்ப இதெல்லாம் சொல்லலையே நீ

சேகர்: அவன் என்னைக் கேக்கவே இல்லக்கா

விமலா: கேட்டாத்தான் சொல்லணுமா

மல்லிகா: அக்கா இப்ப வேண்டாமே 🙏

சேகர்: கௌசி, நீ மேல எழுதினதைத் திருப்பிப் படி. "இன்டர்ன்ஷிப் மட்டும்தான்". "வெறும் எக்செல் வேலைதான்". இந்த வெறும், மட்டும், தான், மூணையும் எடுத்துடு. பொய்யும் சேராது, உண்மையும் குறையாது. எதிர்ல இருக்கறவன் இன்னும் எடை போடவே ஆரம்பிக்கல, நீயே குறைச்சு விலை சொல்லிடற. பிரவீன் ஊதிப் பெரிசாக்கறான், நீ சுருக்கற. ரெண்டு பேருமே நடந்ததைச் சொல்லல

கௌசி: ஆனா நிஜமாவே சின்ன வேலை மாமா. பெருமையா சொல்ல ஒண்ணுமில்ல

சேகர்: அந்த 8 வாரத்துல உன் கைல வந்தது என்ன, நீ திருப்பிக் கொடுத்தது என்ன? எண்ணோட சொல்லு

கௌசி: வாடிக்கையாளர் லிஸ்ட், 3,840 வரி. மூணு பேர் மூணு ஃபைல்ல வெச்சிருந்ததை ஒண்ணாக்கினது. ஒரே ஆள் ரெண்டு மூணு தடவை இருந்தாங்க. போன் நம்பர் சிலதுல இடைவெளி, சிலதுல நாட்டுக் குறியீடு, சிலது 9.2E+11 மாதிரி காட்டுச்சு. கடைசில 3,418 வரியா கொடுத்தேன்

பிரவீன்: இதைத்தான் நான் தரவு மேலாண்மைன்னு எழுதினேன்

சேகர்: நீ எழுதினதுல 3,840-ம் இல்ல, 3,418-ம் இல்ல. 422 வரி எப்படிப் போச்சு கௌசி? நாளைக்கு இதைத்தான் தோண்டுவாங்க

கௌசி: முதல்ல நம்பரை எல்லாம் ஒரே மாதிரி 10 இலக்கமாக்கிட்டு, நம்பரை மட்டும் வெச்சு Remove Duplicates போட்டேன். 612 வரி போயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஆபிஸ்ல ஒருத்தங்க ஒரு வாடிக்கையாளரைத் தேடினாங்க, ஆளே காணோம்

கௌசி: பாத்தா ஒரே வீட்டுல அம்மாவும் பையனும் ஒரே நம்பர் கொடுத்திருக்காங்க. ரெண்டு பேரும் தனித்தனி வாடிக்கையாளர். நான் ஒருத்தரை அழிச்சிருக்கேன் 😔 நல்லவேளை பழைய ஃபைலை காப்பி எடுத்து வெச்சிருந்தேன்

சேகர்: அப்புறம்?

கௌசி: திரும்ப முதல்லேர்ந்து. பேரு A, நம்பர் C, ரெண்டும் சேந்து எத்தனை தடவை வருதுன்னு பக்கத்துல ஒரு நெடுவரிசை போட்டேன்

```
=COUNTIFS(A:A,A2,C:C,C2)
```

கௌசி: ரெண்டும் அப்படியே ஒத்துப்போனதுல கூடுதலா இருந்தது 274. அதை நீக்கிட்டேன். நம்பர் ஒண்ணு, பேரு வேறன்னு மிச்சம் 338. அதை நான் தொடல, தனி ஷீட்ல போட்டு மேனேஜர்கிட்ட கொடுத்தேன். அவங்க பாத்து 148 ஒரே ஆள், எழுத்துதான் வேற, 190 வேற ஆளுன்னு குறிச்சுக் கொடுத்தாங்க

சேகர்: இதுதான் உன் பதில். இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்

பிரவீன்: மாமா!! தப்பு பண்ணினதை இன்டர்வியூல சொல்லச் சொல்றீங்களா

சேகர்: சரியாயிட்ட தப்பைச் சொல்லச் சொல்றேன். நாங்க எதிர்ல உக்காந்து கேக்கறப்ப, ரெஸ்யூமேல உள்ள எல்லா வரியும் எல்லாப் பசங்ககிட்டயும் ஒரே மாதிரி இருக்கும். இந்த ஆள் நிஜமாவே அந்த வேலையைத் தொட்டாளான்னு தெரியறது ரெண்டாவது மூணாவது கேள்வியிலதான். "எப்படிக் கண்டுபிடிச்ச, எங்க இடிச்சுது, யாரு முடிவெடுத்தா." முன்னின்று நடத்தினேன்னு எழுதினவன்கிட்ட உங்க கீழ எத்தனை பேர்னு கேட்டா அங்கயே முடிஞ்சுது. அம்மாவும் பையனும் ஒரே நம்பர்ங்கறதை வேலை செய்யாதவனால கற்பனைகூட பண்ண முடியாது

ரமேஷ்: கரெக்ட்

விமலா: நம்ம வீட்லயும் எல்லாத்துக்கும் அவர் நம்பர்தான் குடுத்திருக்கு. என்னையும் அழிச்சிருப்பா 😂

கௌசி: பெரியம்மா 😭😂

விமலா: ரமேஷு ஏணி எப்ப வரும்

ரமேஷ்: ஞாயித்துக்கிழமை அண்ணி

விமலா: எந்த ஞாயிறு

சேகர்: இன்னொண்ணு. "நாங்க பண்ணோம்"னு மொத்தமா சொல்லாதே, எது உன்னுதுன்னு தெரியாது. எல்லாத்தையும் "நான்"னும் சொல்லாதே. 338-ல முடிவு எடுத்தது மேனேஜர். "பிரிச்சுக் கொடுத்தது நான், முடிவு அவங்க எடுத்தாங்க"ன்னு சொல்லு. ஜூனியர் போஸ்ட்டுக்கு அவங்க தேடறதே எங்க நிறுத்திட்டுக் கேக்கணும்னு தெரிஞ்ச ஆளைத்தான்

பிரவீன்: லேப்டாப்ல அந்த ஃபைலைத் திறந்து காட்டினா செம இம்ப்ரெஷனா இருக்கும். இருக்கா கௌசி?

சேகர்: ஐயோ வேண்டாம். அது மூவாயிரம் பேரோட போன் நம்பர். அங்கேருந்து எடுத்துட்டு வந்ததே தப்பு. அதைக் காட்டினா எங்க ஃபைலையும் நாளைக்கு இப்படித்தான் எங்கேயாவது காட்டுவாள்னு நினைப்பாங்க

கௌசி: ஃபைல் என்கிட்ட இல்ல மாமா. தினமும் நோட்ல எழுதி வெச்ச கணக்கு இருக்கு

சேகர்: அது போதும். காட்டணும்னா பொய்ப் பேரு, பொய் நம்பர் போட்டு 10 வரி ஷீட் ஒண்ணு நீயே பண்ணி வெச்சுக்கோ. கேட்டாத்தான்

கௌசி: சரி, எழுதிப் பாத்தேன். இது ஓகேவா?

கௌசி: "6 பேர் உள்ள ஒரு ஆபிஸ்ல 8 வாரம் இன்டர்னா இருந்தேன். மூணு ஃபைல்ல இருந்த 3,840 வரி வாடிக்கையாளர் பட்டியலை ஒண்ணாக்கி, திரும்பத் திரும்ப வந்ததை நீக்கறது என் பொறுப்பு. முதல் தடவை போன் நம்பரை மட்டும் வெச்சு நீக்கினேன். ஒரே நம்பரைப் பகிர்ந்துக்கற குடும்பங்கள் அதுல அடிபட்டுப் போச்சு. காப்பி இருந்ததால மீட்டுட்டு, பேரையும் நம்பரையும் சேத்துப் பாத்தேன். சந்தேகமான 338 வரியைத் தனியா பிரிச்சு மேனேஜர்கிட்ட கொடுத்தேன், அவங்க முடிவு செஞ்சாங்க. கடைசில 3,418 வரி உள்ள ஒரே பட்டியல் ஆச்சு. எந்திரம் சொல்றதை அப்படியே நம்பக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன், எனக்கு இதனால பொறுமையும் வந்துச்சு"

சேகர்: "ஒரே பட்டியல் ஆச்சு"ல நிறுத்து. அதுக்கப்புறம் வர்றது பேச்சுப்போட்டி. வாய்விட்டுச் சொல்லிப் பாரு, ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும். முடிச்சதும் வாயை மூடிக்கோ. அவங்க குனிஞ்சு எழுதற நேரத்துல பயந்து மறுபடி "சின்ன வேலைதான் சார்"னு ஆரம்பிச்சிடாதே

கௌசி: அதைத்தான் நான் பண்ணுவேன் 😅

மல்லிகா: சம்பளம் இல்லைங்கறதைச் சொல்லணுமா அண்ணா? கௌரவக் குறைச்சலா நினைப்பாங்களோ

பிரவீன்: சொல்லவே கூடாது. பழைய சம்பளம் கேட்டா ஒரு தொகை சொல்லிடு

சேகர்: தொகையெல்லாம் சொல்லாதே. அதுக்கும் காகிதம் கேப்பாங்க. நீயா எடுக்காதே. கேட்டா "சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்"னு ஒரே வரி

ரமேஷ்: முதல்லயே சொல்லிட்டா என்ன? பின்னாடி தெரிஞ்சா மறைச்ச மாதிரி ஆகாதா

சேகர்: கேக்காததைச் சொல்லாம இருக்கறது மறைக்கறதா ரமேஷ்?

ரமேஷ்: எனக்கென்னவோ சொல்றது நல்லதுன்னு படுது

பிரவீன்: ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருந்தா?

சேகர்: 0 போடணும். வேற வழியில்ல

விமலா: அங்கேயே ஏன் வேலை தரலன்னு கேட்டா என்ன சொல்லுவா

சேகர்: அக்கா நல்ல கேள்வி

விமலா: பின்ன

கௌசி: அங்க ஆள் எடுக்கற மாதிரியே இல்ல பெரியம்மா. நானும் கேக்கல

சேகர்: "அங்க காலியிடம் இல்ல"ன்னு சொல்லு. கேட்டதாவோ அவங்க கெஞ்சினதாவோ எதையும் சேக்காதே. 8.30-க்கு கால் பண்றேன், நான் கேள்வி கேக்கறேன் நீ பதில் சொல்லு

பிரவீன்: நானும் கால்ல வரேன்

சேகர்: வா. ஆனா மியூட்ல

கௌசி: மாமா, 422-ன்னு துல்லியமா சொல்லவா, 400-க்கு மேலன்னா?

சேகர்: நோட்ல இருக்கறது 422-ன்னா 422. நாளைக்கு அங்க உக்காந்தப்ப மறந்துட்டா "நானூத்துச் சொச்சம்"னு சொல்லு. மறந்துட்டு வேற ஒரு துல்லியமான நம்பரைச் சொல்லிடாதே. 3,840-லேர்ந்து 3,418-ஐ மனசுலயே கழிச்சுப் பாக்கற ஆள் ஒருத்தர் அங்க இருப்பார்

விமலா: ரமேஷு?

ரமேஷ்: வர்ற ஞாயிறு அண்ணி