மார்க்கப், மார்ஜின்: இரண்டும் 'இலாப சதவீதம்' தானா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். விலைப்பட்டியலைச் சரிபார்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மார்க்கப், மார்ஜின் என்று இரண்டு நிரல்கள் வருகின்றன. எனக்கு முன் செய்தவர் இரண்டையும் 'இலாப சதவீதம்' என்றே எழுதிவிட்டார். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அந்தக் கையேடே இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள்.

ஆனந்த்:
மார்க்கப்புக்குப் புதுச்சொல் தேவையில்லை. பள்ளிக் கணக்கில் இலாப சதவீதம் அடக்கவிலையின் மேல்தான் போடுகிறோம், அதுவே மார்க்கப். மார்ஜினுக்கு மட்டும் 'இலாப வரம்பு' போடுங்கள். இணையத்தில் பரவலாக இருக்கிறது.

சுந்தரம்:
வரம்பு எல்லையைக் குறிக்கும் சொல். வயலின் வரப்பும் அதுவும் ஒன்றே. 'இலாப வரம்பு 40' என்றால், அதற்கு மேல் இலாபம் வைக்கக்கூடாது என்றுதான் தமிழன் படிப்பான். இலாபம் என்பதும் வடசொல். 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை' என்கிறது குறள் 463. அங்கே ஆக்கமே இலாபம். 461இல் ஊதியம் வருகிறது. ஊதியம் இன்று சம்பளமாகிவிட்டதால் ஆக்கத்தை மீட்கலாம். மார்ஜினுக்கு 'ஆக்க வீதம்', மார்க்கப்புக்கு 'முதலேற்றம்'.

இக்பால்:
ஐயா, 'ஆக்க வீதம்' என்று எழுதினால் கணக்கு எழுதுபவர் அதை உற்பத்தி அளவு என்று நினைத்துக்கொள்வார். ஆனந்த் சொன்னது பாதி சரி. பள்ளிக் கணக்கில் வகுப்பது அடக்கவிலையால். ஆனால் கணக்குப்பதிவியல் பாடத்தில் வரும் 'மொத்த இலாப விகிதம்' விற்பனையால் வகுப்பது, மார்ஜினும் அப்படித்தான். ஆக, தமிழ் மாணவனே இரண்டு பாடத்தில் இரண்டு வகுத்தியைப் படிக்கிறான். சொல்லில் வகுத்தி தெரியாவிட்டால் பட்டியலில் என்ன நடக்கும் பாருங்கள்.

ஒரு பொருளின் அடக்கவிலை 60. இலக்கு, 40 சதவீத மார்ஜின். தயாரித்தவர் 60ஐ 1.4ஆல் பெருக்கி 84 என்று விலை வைக்கிறார். சரிபார்ப்பவர் 24ஐ 60ஆல் வகுக்கிறார், 40 வருகிறது, 'சரி' என்று குறி போடுகிறார். தவறு செய்த வகுத்தியாலேயே சோதித்ததால் தவறு தன்னையே சரி என்று காட்டுகிறது. உண்மையில் 24ஐ 84ஆல் வகுக்க வேண்டும், மார்ஜின் 28.57தான். 40 வேண்டுமென்றால் 60ஐ 0.6ஆல் வகுத்து 100 என்று விலை வைத்திருக்க வேண்டும்.

அடக்கவிலை B, விற்பனை விலை C என்றால், முதலாவது மார்ஜின், அடுத்தது மார்க்கப்:

```
=(C2-B2)/C2
=(C2-B2)/B2
```

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலாபம் உள்ள வரிசையில் மார்க்கப்தான் எப்போதும் பெரிது. மார்ஜின் என்ற நிரலில் 100ஐத் தாண்டிய எண் இருந்தால் அது நிச்சயம் மார்க்கப். ஆனால் 100க்குள் இருப்பதாலேயே சரி என்று விட்டுவிடக் கூடாது. மார்க்கப் 5 என்றால் மார்ஜின் 4.76, கண்ணுக்கே படாது. 100 என்றால் 50, பாதியாகிவிடும்.

தேவி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் 25 சதவீதம் கூட்டி விலை வைக்கிறேன். 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் 5 மிஞ்ச வேண்டும் அல்லவா? கையில் ஒன்றும் நிற்பதில்லை. போக்குவரத்துச் செலவைச் சேர்க்காததாலா?

இக்பால்:
இல்லை அம்மா. போக்குவரத்தைப் பார்ப்பதற்கு முன்பே இலாபம் போய்விடுகிறது. அடக்கம் 80, விலை 100. நீங்கள் கூட்டியது 80இல், தள்ளுவது 100இல். 20 தள்ளினால் மறுபடி 80தான். தள்ளுபடியும் மார்ஜினும் விலையை வைத்துக் கணக்கிடுபவை. அதனால் எவ்வளவு தள்ளலாம் என்பதை மார்ஜினோடுதான் ஒப்பிட வேண்டும். மலர்விழி, இந்தக் கணக்கைக் கையேட்டில் சேர்க்க முடியுமா பாருங்கள்.

மலர்விழி:
மிகவும் உதவியது. வகுத்தியின் பெயரைச் சொல்லிலேயே வைக்கிறேன்: மார்க்கப்புக்கு 'அடக்க ஏற்றம்', மார்ஜினுக்கு 'விற்பனை இலாப வீதம்'. ஒப்புதலா?

ஆனந்த்:
சரி. முதல் முறை வரும்போது மட்டும் மார்க்கப், மார்ஜின் என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள். கடையில் பேசுவது அதுதான்.

இக்பால்:
எனக்குச் சம்மதம். ஆனால் விற்பனை விலையில் வரி சேர்ந்திருந்தால் அதைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் சொல் சரியாக இருந்தும் எண் தவறும்.

சுந்தரம்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. 'அடக்க ஏற்றம் 25' என்பதை அடக்கவிலையே 25 சதவீதம் ஏறிவிட்டது என்று படிக்க முடியாதா? கொள்முதல் செய்பவர் அப்படித்தான் படிப்பார். 'அடக்கமேற்கூட்டு' என்றால் அந்த மயக்கம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு முறை யோசியுங்கள்.