மேற்கோள் எல்லாம் சரி, ஆனால் வெறும் சுருக்கம்: இப்படி மெயில் வந்தவர்கள் உண்டா?

கார்முகில்

மெயில் வந்து நாளாகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. உளவியல் பாடம். கேள்வி இதுதான்: "மார்ஷ்மெல்லோ சோதனை குழந்தையின் தன்னடக்கத்தை அளக்கிறதா? மதிப்பிடுக." எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். பிள்ளையின் முன்னால் ஒரு மிட்டாயை வைப்பார்கள்: இப்போதே தின்றால் ஒன்று, பெரியவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு.

விரிவுரையாளரின் மெயில் இப்படி ஆரம்பித்தது: "உங்கள் மேற்கோள்கள் அனைத்தும் சரி. ஆண்டு, பக்க எண், கடைசியில் உள்ள பட்டியல், எதிலும் பிழை இல்லை." படித்ததும் நிம்மதி. அடுத்த வரி: "உங்கள் பத்திகள் தொடங்கும் விதத்தை மட்டும் கீழே எடுத்து எழுதியிருக்கிறேன்."

ஷோடா, மிஷெல், பீக் (1990) கூறுவதாவது…
கிட் மற்றும் பிறர் (2013) கூறுவதாவது…
வாட்ஸ் மற்றும் பிறர் (2018) கூறுவதாவது…
இவ்வாறு அறிஞர்கள் பலவாறு கூறுகின்றனர்…

அதற்குக் கீழே ஒரே கேள்வி: "நடுவில் உள்ள பத்திகளை இடம் மாற்றிப் போட்டால் கட்டுரையில் ஏதாவது கெடுமா?" அப்புறம் மதிப்பெண், 54. மெயில் முடிந்தது.

மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை. ஆனால் பல ஆண்டு ஆய்வு செய்தவர்கள் சொன்னதற்கு மேல் ஒரு மாணவன் என்ன சொல்லிவிட முடியும்? அதற்கு அந்த மெயிலில் பதில் இல்லை. உங்களுக்கு இப்படி வந்திருந்தால் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நிலவன்

எனக்கும் வந்தது. வேறு இடத்திலிருந்து நகலெடுத்திருக்கிறோமா என்று பார்க்கும் ஒற்றுமை அறிக்கையில் 31 சதவீதம் காட்டியது, துறையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அறிக்கையை வரி வரியாகப் பிரித்துக் காட்டினேன். சிவப்பாக இருந்ததில் பெரும்பகுதி உசாத்துணைப் பட்டியலும், மேற்கோள் குறிக்குள் இருந்த வரிகளும்தான். அதோடு விட்டுவிட்டார்கள். உங்கள் மேற்கோள்கள் சரி என்று அவரே எழுத்தில் கொடுத்திருக்கிறார். அந்த மெயிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடுங்கள். திருடவில்லை என்று தெரிந்த பிறகு 54 போட்டது அநியாயம்.

வளர்மதி

நிலவன், இது திருட்டுப் பிரச்சினையே இல்லை. யாரும் அவர் மேல் அந்தப் பழியைப் போடவில்லை.

இந்த மாதிரி மெயிலை எழுதும் பக்கத்தில் இருப்பவள் நான். ஒரு மாணவிக்கு எழுதியதைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "விமர்சன நோக்கு போதவில்லை" என்று ஒரே வரியில் அனுப்பினேன். திருத்திய கட்டுரை வந்தது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரே வாக்கியம்: "இந்த ஆய்வின் மாதிரி அளவு சிறியது என்பது குறை." பல்லாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வுக்கும் அதே வாக்கியம். அந்தப் பெண் சோம்பேறி அல்ல. "விமர்சனம்" என்றால் குறை சொல்வது என்று எடுத்துக்கொண்டு, சொன்னபடி செய்திருந்தாள்.

கார்முகில், உங்கள் மெயிலில் இருக்கும் கேள்வி அதைவிட நல்ல கேள்வி. பத்தியை மாற்றிப் போட்டால் கெடவில்லை என்றால், பத்திகளுக்கு நடுவே எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். நடந்திருக்க வேண்டியது என்ன என்று உங்கள் மூன்று ஆய்வுகளை வைத்தே பார்க்கலாம்.

1990 கட்டுரை, சின்ன வயதில் அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் பதின்பருவத்தில் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள் என்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மழலையர் பள்ளியில் படித்தவர்கள். 2013இல் கிட் குழுவினர் மார்ஷ்மெல்லோவைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்தார்கள். படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது, மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அப்புறம்தான் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு "கூறுவதாவது" என்று நகர முடியாது. இரண்டாவது ஆய்வு முதலாவதைப் படிக்கும் விதத்தையே மாற்றுகிறது. காத்திருக்காத பிள்ளைக்கு அடக்கம் இல்லையா, அல்லது பெரியவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லையா? இதைக் கேட்க ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை, இரண்டையும் படித்திருந்தால் போதும். கேட்ட பிறகு மூன்றாவதுக்கு வேலை வந்துவிடுகிறது. வாட்ஸ் குழு 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்து, குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறு வயது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தது. காத்திருப்புக்கும் 15 வயதுச் சாதனைக்கும் இருந்த தொடர்பில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. இப்போது இடம் மாற்றிப் பாருங்கள், கெடும்.

சேந்தன்

மேடம் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. எனக்கும் இதே மெயில் வந்து சரிசெய்தேன். "கூறுகிறார்" என்ற சொல்லைத்தான் தூக்க வேண்டும். "வாதிடுகிறார்", "மறுக்கிறார்", "கேள்விக்குள்ளாக்குகிறார்" என்று போட்டேன். பத்தியின் தொடக்கத்தில் ஆசிரியர் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன், பெயரெல்லாம் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. அடுத்த கட்டுரைக்கு மதிப்பெண் ஏறியது. இதுவே போதும்.

வளர்மதி

பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளுவது நல்ல பழக்கம்தான், பத்தியின் முதல் வரியை நீங்களே எழுதியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும். உங்களுக்கு உதவியது அதுவாக இருக்கலாம். வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் ஆபத்து. வாட்ஸ் குழு மிஷெலை "மறுக்கிறது" என்று எழுதினால் அது பொய். தொடர்பு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, சிறியது என்றார்கள். "மறுக்கிறது" என்று எழுதி வருபவரைவிட "கூறுகிறது" என்று எழுதியவரே மேல் என்பேன்.

இளவேனில்

எல்லோரும் விரிவுரையாளர் பக்கமே பேசுகிறீர்கள். என் துறையில் எனக்கு நேர்மாறாக வந்தது. ஆய்வுச் சுருக்கம் எழுதச் சொன்னார்கள், இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டு ஒரு பத்தி சேர்த்தேன். "உங்கள் கருத்து கேட்கப்படவில்லை" என்று மெயில் வந்தது. அதே ஆண்டு இன்னொரு பாடத்தில் "உங்கள் குரல் எங்கே?" என்று மெயில். இரண்டு மெயிலும் ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கேள்வித்தாளில் "விவரிக்க" என்று இருந்ததா, "மதிப்பிடுக" என்று இருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கார்முகிலுக்கு "மதிப்பிடுக" என்று இருந்தது, சரி. ஆனால் மதிப்பிடுவது எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரிக் கட்டுரையாவது வகுப்பில் காட்டினார்களா? காட்டாமல் மதிப்பெண்ணைக் குறைத்தால் நான் ஏற்கமாட்டேன். மேடம் இங்கே எழுதிய விளக்கத்தில் பாதி அந்த மெயிலில் இருந்திருக்க வேண்டும்.

தாமரை

எனக்கு வந்த மெயிலில் "நல்ல குறிப்பேடு, கட்டுரை அல்ல" என்று இருந்தது. அழுதேன். அவ்வளவுதான் என் கதை.

கார்முகில் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் எழுதும்போது திருத்துவது கஷ்டம், படிக்கும்போதே திருத்தலாம். நாம் ஒரு ஆய்வை எடுக்கிறோம், குறிப்பெடுக்கிறோம், மூடுகிறோம். அடுத்ததை எடுக்கிறோம். குறிப்பு அப்படி இருந்தால் கட்டுரையும் அப்படித்தான் வரும். அதனால் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் கீழ்நோக்கி ஆய்வுகளின் பெயர். மேலே குறுக்காகக் கேள்விகள். இந்தக் கட்டுரைக்கு என்றால்: யாருடைய பிள்ளைகள்? எவ்வளவு நேரம் காக்கச் சொன்னார்கள்? காத்திருக்காததற்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? எல்லாக் கட்டத்தையும் நிரப்புங்கள். நிரம்பாத கட்டம் இருந்தால் அப்படியே விடுங்கள், அதுவும் ஒரு செய்தி.

எழுதும்போது கட்டத்தைக் குறுக்காகப் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பத்தி. அப்போது ஒரே பத்திக்குள் மூன்று ஆய்வுகளும் வந்தே தீரும். ஒரு பத்தியில் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது என்றால் மறுபடி சுருக்கத்துக்குப் போய்விட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கேள்விகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். தோழியின் கட்டத்தை வாங்கி நிரப்பினால் அவளுடைய கட்டுரைதான் வரும். கலர் பேனா எல்லாம் தேவையில்லை.

சேந்தன்

மூன்று ஆய்வுக்குச் சரி. முப்பது ஆய்வு என்றால் இந்தக் கட்டம் சுவர் அளவுக்குப் போகும், அங்கே என் வழிதான் சுலபம். மேடம் சொன்ன "மறுக்கிறது" விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கார்முகில்

தாமரை அக்கா சொன்னபடி கட்டம் போட்டேன். "எவ்வளவு நேரம்" என்ற வரிசை இப்படி நிரம்பியது: கிட் ஆய்வில் அதிகபட்சம் 15 நிமிடம், வாட்ஸ் ஆய்வில் 7 நிமிடம். இரண்டு கட்டுரையையும் முன்பே படித்திருந்தேன், இது கண்ணில் பட்டதே இல்லை. அதை வைத்து ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்:

"காத்திருப்பு பிள்ளையின் சூழலோடு பின்னியது என்பதில் கிட், வாட்ஸ் இரு குழுக்களின் முடிவுகளும் ஒரே திசையில் செல்கின்றன. ஆனால் வாட்ஸ் குழுவின் சோதனை 7 நிமிடத்தில் நின்றுவிடுவதால், அதற்கு மேலும் காத்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு இடையிலான வேறுபாடு அதில் தெரியாது. எனவே தொடர்பு சிறுத்ததற்குப் பின்னணி மட்டும் காரணமா, அளவுகோல் குறுகியதும் காரணமா என்பது திறந்தே இருக்கிறது."

வளர்மதி

இதைத்தான் அந்த மெயில் கேட்டது. மூன்றாவது வாக்கியம் எந்த ஆய்விலிருந்தும் எடுத்தது அல்ல, நீங்கள் சொன்னது. ஆனாலும் அதற்குக் காலடியில் சான்று இருக்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: 7 நிமிட எல்லை தங்கள் முடிவைப் பாதிக்கிறதா என்று வாட்ஸ் குழுவே யோசித்திருக்கிறதா என்பதை அவர்கள் கட்டுரையில் தேடுங்கள். யோசித்திருந்தால் அவர்கள் சொன்ன பதிலையும் எடுத்துக்கொண்டு, அது உங்களுக்குப் போதுமா போதாதா என்று எழுத வேண்டும். விட்டுவிட்டால், படித்தவர் உடனே பிடித்துவிடுவார்.

இளவேனில்

பத்தி நன்றாக இருக்கிறது. ஆனால் மதிப்பெண் 54 தானே? திருத்தி அனுப்ப அனுமதி உண்டா என்று அந்த விரிவுரையாளரிடம் கேட்டீர்களா?

கார்முகில்

இந்தக் கட்டுரைக்கு இல்லை. அடுத்த கட்டுரைக்கு முன் இந்தப் பத்தியைக் காட்டலாமா என்று கேட்டு இன்று எழுதியிருக்கிறேன். மாதிரிக் கட்டுரை ஒன்று வகுப்புக்குத் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன், இளவேனில் சொன்னது நியாயமாகப் பட்டது. பதில் இன்னும் வரவில்லை.