அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டைச் சுருக்க உதவி வேண்டும்

குடியாத்தத்தில் இருக்கிறோம். 76 வயது அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து, நேற்றுதான் வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். பகலில் கூட இருக்கும் அத்தைக்காகத் தமிழில் ஒரே தாளாக எழுதி பீரோ கதவில் ஒட்டினேன்.

"இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது" என்றது அவருக்குப் புரியவில்லை. "உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே வரக் கூடாது" என்று மாற்றியதும் முக்காலியைத் தானே ஓரங்கட்டினார்!

ஆபத்து அறிகுறிகளாக இவற்றை எழுதியிருக்கிறேன்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, தையலில் சீழ், திடீரென்று கால் குட்டையாகித் திரும்பிக்கொள்வது. வேறென்ன விட்டுவிட்டேன்? அப்புறம், அம்மா பழையபடி போட்டுவந்த ஆஸ்பிரின் புதுப் பட்டியலில் இல்லை. ரத்தம் உறையாத ஊசி இருப்பதால் நிறுத்தினார்களா, மறந்தார்களா? நாளை டாக்டரிடம் கேட்கிறேன். இதுபோல் தாள் தயாரித்தவர்கள் உங்களுடையதைப் போட்டோ எடுத்துப் போடுங்களேன்.