வலியே இல்லாத சிறுநீரக நோய்: முகாமில் தெரியவந்த எங்கள் சித்தப்பாவின் கதை

மேலூரான்:

எங்கள் சித்தப்பாவுக்கு வயது 52. மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல்லும் கிணற்றடியில் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருக்கிறார். சென்ற புரட்டாசியில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருமுன் காப்போம் முகாம் நடந்தபோது, கண் பரிசோதனைக்காகத்தான் போனார். உரம் போட்டுவிட்டு வயலிலிருந்து நேராக வந்தவரை உட்கார வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள், 170/100 இருந்தது. சர்க்கரை இல்லை. அழுத்தம் அவ்வளவு இருந்ததால் இரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துச் செவிலியர் அழைத்து, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூடுதலாக 1.9 இருக்கிறது, சிறுநீரில் புரதமும் போகிறது, மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள் என்றார்.

சித்தப்பா நம்பவில்லை. "வலி இல்லை, கால் வீங்கவில்லை, ஒன்றுக்கும் நன்றாகத்தான் போகிறது, எனக்கு என்ன நோய்?" என்று கேட்டார். புரதம் போனால் வரும் நுரையைப் பற்றிச் சித்திதான் சொன்னார்: சில மாதங்களாகவே அவர் சிறுநீர் கழித்த இடத்தில் நுரை அடங்காமல் நின்றதாம்.

மருத்துவர் முதலில் கேட்டது, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதைத்தான். சித்தி மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கிய, பெயரே தெரியாத வெள்ளை மாத்திரைகளுக்கு நடுவே, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் அட்டைகள் பாதி தீர்ந்தபடி கிடந்தன. நடவிலும் அறுப்பிலும் இடுப்பு வலிக்காகத் தினமும் மாலையில் ஒன்று போட்டுக்கொள்வது பல ஆண்டுப் பழக்கம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் எட்டரை சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்தன. மார்கழியில் மறுபடி எடுத்தபோதும் அதே 1.9 வந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திருமங்கலம் விவசாயி:

வெயிலில் தண்ணீர் குடிக்காததுதான் ஒரே காரணம், ஐயா. தினமும் ஐந்து லிட்டர் குடிக்கச் சொல்லுங்கள். வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் தவறாமல் கொடுத்தால் சிறுநீரகம் பழையபடி ஆகிவிடும்.

உசிலம்பட்டிக்காரர்:

எனக்கும் இதேதான். 6 மில்லிமீட்டர் கல். விலாவைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் துடித்தேன். பிறகு தானாகவே விழுந்துவிட்டது. சித்தப்பாவுக்கும் விழுந்துவிடும், பயப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்:

உசிலம்பட்டி நண்பருக்கு வந்தது கல், இது வேறு. கல் துடிக்க வைக்கும். இந்த நோய் வலியே காட்டாது.

திருமங்கலம் அண்ணன் சொன்னதில் பாதி சரி. வெயிலில் வேலை செய்பவர் அவ்வப்போது தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். ஆனால் சுருங்கிய சிறுநீரகம் தண்ணீரால் திரும்பி வராது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். எனவே இளநீரையும் சாறுகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

முகாமில் வந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை. உடலில் நீர் வற்றியிருந்தாலோ முந்தின இரவு கறி சாப்பிட்டிருந்தாலோ கிரியாட்டினின் சற்று ஏறிக் காட்டும். அதனால்தான் மூன்று மாதம் விட்டு மறுபடி பார்த்தார்கள். சித்தப்பாவுக்கு ஸ்கேனும் அதையே சொல்கிறது: பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டியது சுருங்கியிருப்பதால், இது பழைய சேதம்.

இன்னொன்று. 1.9 என்பது எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. 52 வயது ஆணுக்கு, சிறுநீரகம் வடிகட்டும் திறன், அதாவது வடிதிறன், ஏறத்தாழ 42 என்பதை அது குறிக்கும். 70 வயது அம்மாளுக்கு அதே 1.9 வந்தால் வடிதிறன் 28 அளவுதான். எனவே சீட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் இந்த வடிதிறனைக் காட்டும் eGFR என்ற வரியையும் பாருங்கள்.

மேலூரான்:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. புரதம் போவதைக் குறைக்க ஒரு மாத்திரை தொடங்கினார்கள். அடுத்த பரிசோதனையில் 2.1 ஆகிவிட்டது என்று சித்தப்பா அதை நிறுத்தப் பார்க்கிறார்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்:

நிறுத்த விடாதீர்கள். அந்த வகை மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே; முப்பது விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். பொட்டாசியமும் பார்த்தார்களா? சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே கேளுங்கள்.

மேலூரான்:

பொட்டாசியம் 4.8. நாளை மருத்துவரிடம் காட்டுகிறோம். வலிக்கு இப்போது அவர் அனுமதித்த பாராசிட்டமால் மட்டும்தான். மாத்திரையா, அழுத்தமா, வெயிலா, எது முதலில் கெடுத்தது என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பூச்சி மருந்து பற்றியும் அதே பதில்தான். என் அப்பாவும் அதே வயலில் அதே மாத்திரையைப் போட்டவர். இரத்தப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார். சித்தியை விட்டுப் பேச வைத்திருக்கிறேன்.