பள்ளி புரொஜெக்டர்: ஈகோ மோடில் ஓட்டியும் விளக்கு பாதி ஆயுளில் போனது ஏன்?

வகுப்பாசிரியை: எங்கள் பள்ளியில் ஒரு எல்சிடி புரொஜெக்டர் தினமும் ஆறு மணி நேரம் ஓடுகிறது. வாங்கியதிலிருந்தே ஈகோ மோடுதான். நார்மலில் 4000 மணி, ஈகோவில் 6000 மணி வரும் என்று கையேட்டில் இருக்கிறது. ஆனால் 2600 மணியிலேயே படம் ரொம்ப மங்கிவிட்டது. மதியத்துக்கு மேல் TEMP விளக்கு மின்னி, தானாக அணைந்தும் போகிறது. ஈகோ மோடுதான் விளக்கைக் கெடுத்ததா? புது விளக்கு போட்டதும் நார்மலுக்கு மாற்றிவிடலாமா?

ஒளிக்கற்றை: மாற்றிவிடுங்கள் டீச்சர். ஈகோவில் ஃபேன் மெதுவாகச் சுற்றும். சத்தம் குறைகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் காற்றும் குறைகிறதே! ஆறு மணி நேரம் அப்படி ஓடினால் சூடு உள்ளேயே தங்கும். TEMP மின்னுவதே அதற்குச் சாட்சி. நான் அரங்கங்களில் புரொஜெக்டர் ஓட்டுகிறவன், எங்கும் ஈகோவைத் தொடுவதில்லை.

பழுதுநீக்கி: ஃபேன் மெதுவாவது உண்மைதான். ஆனால் விளக்குக்குப் போகும் மின்சாரமும் கூடவே குறைகிறதே சார். 200 வாட் விளக்கு ஈகோவில் சுமார் 150, 160 வாட்டில் எரியும். சூடு குறைகிற அளவுக்கே காற்றும் குறையும்படி தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியாக நடக்க ஒரே நிபந்தனை, காற்று வந்து போகும் வழி திறந்திருக்க வேண்டும்.

டீச்சர், விளக்கை வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்? புரொஜெக்டர் எதற்குள் இருக்கிறது? கடைசி மணி அடித்ததும் எப்படி அணைக்கிறீர்கள்?

அப்புறம் பழைய விளக்கைத் தூக்கிப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் நன்றாக ஆறவிட்டு, திருகுகளைத் தளர்த்தி, கைப்பிடியைப் பிடித்து வெளியே எடுங்கள். கண்ணாடியில் விரல் படக் கூடாது. பிரதிபலிப்பான் நடுவில் இருக்கும் சின்னக் குமிழ் என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுவகுப்பறை: எங்கள் பள்ளியில் லேசர் புரொஜெக்டர் மாட்டினோம். விளக்கு மாற்றும் வேலையே இல்லை. நீங்களும் லேசருக்கு மாறிவிடுங்கள், இந்த விவாதமே தேவைப்படாது.

பழுதுநீக்கி: அவர்கள் கையில் இருப்பதைக் காப்பாற்றத்தானே கேட்கிறார்கள். லேசரிலும் ஃபேன் உண்டு, பல மாடல்களில் ஃபில்டரும் உண்டு. தூசியை விட்டுவைத்தால் அதுவும் சூடாகித்தான் நிற்கும்.

வகுப்பாசிரியை: பார்த்துவிட்டேன். ஃபில்டர் வாங்கியதிலிருந்து கழற்றப்படவே இல்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிட்டது. சாக்பீஸ் பலகை அதே அறையில்தான். புரொஜெக்டர் கூரையிலிருந்து தொங்குகிறது, திருட்டுப் போகாமல் இருக்கச் சுற்றிலும் பூட்டுப் பெட்டி. பெட்டியில் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும்தான் திறப்பு. மணி அடித்ததும் மாணவர்கள் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். குமிழ் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. மேல்பக்கம் கொஞ்சம் புடைத்த மாதிரியும் தெரிகிறது.

பழுதுநீக்கி: அப்படியானால் ஈகோ மோடு குற்றவாளி இல்லை.

இந்தக் குமிழ் குவார்ட்ஸ். எரியும்போது உள்ளே பாதரச ஆவி சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும். இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, அதில்தான் மின்வில் எரிகிறது. சூட்டில் அந்த வில் மேல்நோக்கி வளையும், அதனால் குமிழின் மேல்பக்கம்தான் அதிகம் சுடும். போதிய காற்று படவில்லை என்றால் அங்கே குவார்ட்ஸ் படிகமாகி வெளுக்கும். அழுத்தம் தாங்காமல் புடைக்கும். வெளுத்த இடம் ஒளியைச் சிதறடிப்பதால் திரைக்குப் போகும் வெளிச்சம் குறையும். ஒளி சிதறினால் சூடும் ஏறும், சூடு ஏறினால் இன்னும் வெளுக்கும்.

குமிழ் உள்ளே கறுத்திருந்தால் வேறு கதை. அது முனைகளிலிருந்து டங்ஸ்டன் கழன்று சுவரில் படிந்தது. அடிக்கடி ஏற்றி அணைத்தாலும் வரும், வெறும் வயதாலும் வரும். உங்களுடையது கறுக்கவில்லை, வெளுத்திருக்கிறது. அடைத்த ஃபில்டர், கூடவே வெளியே போன சூடான காற்றையே திரும்ப உள்ளே இழுக்கவிடும் பெட்டி. காலையில் சரியாக ஓடி மதியத்துக்கு மேல் நிற்பதும் இதோடு ஒத்துப்போகிறது: பெட்டிக்குள் சூடு சேர்ந்துகொண்டே போகிறது.

புடைத்த விளக்கை மறுபடி மாட்டாதீர்கள். வெடிக்கலாம். வெடித்தால் பாதரச ஆவி வரும், மாணவர்களை வெளியேற்றி ஜன்னல்களைத் திறக்க வேண்டியிருக்கும்.

மின்வல்லுநர்: சுவர் ஸ்விட்சைப் பற்றி ஏன் எதுவுமே சொல்லவில்லை? என் பார்வையில் அதுதான் முதல் காரணம். ரிமோட்டில் அணைத்தால் விளக்கு நின்ற பிறகும் ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் ஓடும். சுவரில் அணைத்தால் ஃபேனும் அதே நொடியில் நிற்கும். தினம் ஒரு முறை இப்படி நடந்தால் எந்த விளக்கு தாங்கும்?

பழுதுநீக்கி: கெட்ட பழக்கம்தான், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் விளக்கு அணைந்த கணத்தில் சூட்டின் ஊற்று நின்றுவிடுகிறது, குமிழ் அதன்பின் ஆறத்தான் செய்யும். வெளியேற வழியில்லாத சூடு பக்கத்தில் இருப்பவை மேல் ஏறுகிறது: விளக்கின் இரு முனை அடைப்புகள், எல்சிடி தகடுகள், அவற்றின் முன்னால் இருக்கும் ஒளிமுனைவாக்கிகள். படம் மஞ்சளாகவோ திட்டுத் திட்டாகவோ மாறினால் அந்தத் தகடுகள் வெந்துபோயின என்று அர்த்தம், அதற்குப் புது விளக்கு மருந்தாகாது. குமிழ் வெளுப்பது பெரும்பாலும் எரியும் நேரத்துச் சூட்டால்தான்.

மின்வல்லுநர்: எனக்கு ஒப்புதல் இல்லை. முனை அடைப்புகள் தளர்ந்தாலும் விளக்கு போனதுதானே. நேரடியாக மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியுள்ள மாடல்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். மற்ற எல்லாவற்றிலும் சுவர் ஸ்விட்சுக்கு ஒரு மூடி போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்பேன்.

பழுதுநீக்கி: மூடி போடுவதில் எனக்கும் சம்மதம். காரணத்தில்தான் வேறுபடுகிறோம்.

மேசைவிசிறி: எங்கள் பள்ளியில் சூடு வராமல் இருக்க மெனுவில் உயர்நில மோடைப் போட்டுவிட்டேன். மலைப்பகுதிக்கு உரியதாம், ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். பெட்டிக்குள் வைப்பவர்களுக்கு நல்ல வழி.

பழுதுநீக்கி: மெல்லிய காற்றில் அதே சூட்டை வெளியேற்றத்தான் அந்த மோடு. சாதாரண உயரத்தில், அதுவும் ஈகோவோடு சேர்த்துப் போட்டால், குமிழ் தேவைக்குக் கீழே ஆறிவிடலாம். உள்ளே கொஞ்சம் ஹாலஜன் வைத்திருப்பதே சுவரில் படியும் டங்ஸ்டனைத் திருப்பி முனைக்குக் கொண்டுபோகத்தான். குமிழ் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அந்தச் சுழற்சி சரியாக நடக்காது, சுவர் கறுக்கும். அடைப்பை எடுக்காமல் ஃபேன் வேகத்தை மட்டும் ஏற்றினால் தூசியும் வேகமாகச் சேரும்.

ஒளிக்கற்றை: அதைத்தான் நானும் சொல்கிறேன்! குறைந்த மின்சாரத்தில் முனை சரியாக வேலை செய்யாது. ஈகோவிலேயே ஓடும் விளக்குகளில் படம் மினுங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நார்மலுக்கு மாற்றிச் சில மணி நேரம் ஓட்டினால் நின்றுவிடும்.

பழுதுநீக்கி: மினுங்கல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். முனையின் வடிவம் கலைந்தால் வில் இடம் மாறித் தாவும். நார்மலில் ஓட்டும்போது முனை மறுபடி உருப்பெற்றுத் தாவல் அடங்குவதுண்டு. மினுங்கினால் அப்படிச் செய்யலாம். அதற்காக எப்போதும் நார்மலிலேயே வையுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒளிக்கற்றை: வாரத்துக்கு ஒரு நாளாவது நார்மல் தேவை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மேசைவிசிறி: பாடவேளைகளுக்கு நடுவில் அணைப்பதா, விடுவதா? எங்கள் ஆசிரியர்கள் படத்தை மறைக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பழுதுநீக்கி: பத்து நிமிட இடைவெளிக்கு அணைக்காதீர்கள். ஏற்றும்போது பல ஆயிரம் வோல்ட் துடிப்பு பாய்ந்து முனையிலிருந்து டங்ஸ்டன் தெறிக்கும். சூடாக இருக்கும்போது அழுத்தம் அதிகம், உடனே ஏற்றினாலும் பற்றாது. உணவு இடைவேளை மாதிரி அரை மணிக்கு மேல் என்றால் அணைப்பதுதான் லாபம். மறைக்கும் பொத்தான் பல மாடல்களில் திரையைத்தான் கறுப்பாக்குகிறது, விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். சில மாடல்கள் அப்போது மின்சாரத்தையும் குறைக்கும், கையேட்டைப் பாருங்கள்.

வகுப்பாசிரியை: சரி, இப்போது நான் எதிலிருந்து தொடங்குவது? ஃபில்டரையும் ஃபேனையும் காற்றுப் பீச்சியால் ஊதிவிடலாமா?

பழுதுநீக்கி: உள்நோக்கி ஊதாதீர்கள். தூசி தகடுகள் மேல் போய் ஒட்டினால் திரையில் மங்கலான திட்டுகளாக நிரந்தரமாகத் தெரியும். ஃபில்டரை வெளியே எடுத்து, மென்மையான தூரிகை முனை போட்ட வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இவ்வளவு நாளான ஃபில்டர் நார் பிய்ந்திருந்தால் புதிதாகவே போடுங்கள். தண்ணீரில் கழுவுவது கையேடு அனுமதித்தால் மட்டும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஃபேன் இறகை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூசியை எடுங்கள். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுழலவிட்டால் பேரிங் கெடும். விரலால் தட்டினால் சில சுற்றாவது தடையில்லாமல் சுற்ற வேண்டும். காலையில் போட்டதும் கிறீச்சென்று சத்தம் வந்து சூடானதும் நின்றால் பேரிங் காய்ந்துவிட்டது. ஃபேனை மாற்றினால் அதே அளவு, அதே வோல்ட், அதே எண்ணிக்கை ஒயர்கள் இருக்க வேண்டும். வேகத்தைத் தெரிவிக்கும் ஒயர் இல்லாவிட்டால் புரொஜெக்டர் ஃபேன் ஓடவில்லை என்று நினைத்து அணைந்துவிடும்.

அடுத்து பெட்டி. பின்பக்கமும் மறு பக்கவாட்டும் கம்பிவலை ஆகட்டும். வெளியேறும் காற்று நேராக அறைக்குள் போக வேண்டும்.

உங்கள் கணக்கில் வாரத்துக்கு முப்பது மணி. சாக்பீஸ் அறை என்பதால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஏறக்குறைய நூறு மணிக்கு ஒரு தடவை, ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பள்ளி ஆண்டுக்கு 200 நாள் என்றால் 1200 மணி ஆகும், 6000 மணி விளக்கு ஐந்து ஆண்டு வர வேண்டும். அந்த 6000 பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் நேரம்தான். முதல் சில நூறு மணிகளில் சற்று வேகமாக மங்கும், பயப்பட வேண்டாம்.

ஒளிக்கற்றை: வெயில் உள்ளே வரும் வகுப்பறையில் ஈகோ வெளிச்சம் பின்பெஞ்சுக்குப் போதாது. கண்ணைச் சுருக்கிப் படிக்க வைத்து விளக்கைக் காப்பாற்றி என்ன பயன்?

பழுதுநீக்கி: நியாயமான கேள்வி. திரைக்கு அருகில் இருக்கிற ஜன்னலுக்கு மட்டும் திரைச்சீலை போட்டுப் பார்க்கலாம். அப்படியும் எழுத்து தெரியாவிட்டால் அந்தப் பாடத்துக்கு நார்மல், பிறகு ஈகோ. காற்று வழி சரியாக இருந்தால் நார்மலில் 4000 மணி வர வேண்டும், அதை ஏற்றுக்கொண்டே ஓட்டலாம்.

வகுப்பாசிரியை: பெட்டிக்கு வலை போடச் சொல்லிவிட்டேன். புது விளக்கு வந்ததும் விளக்கு ஓடிய மணிக் கணக்கை பூஜ்யமாக்க வேண்டும்தானே?

பழுதுநீக்கி: புது விளக்கு போட்ட பிறகு மட்டும். விளக்கை மாற்றச் சொல்லும் எச்சரிக்கையை அணைக்கப் பழைய விளக்கோடு பூஜ்யமாக்கினால் அது எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஃபில்டரும் பெட்டியும் சரியான பிறகும் மதியம் TEMP மின்னினால், உடனே நிறுத்தி விளக்குப் பக்கத்து ஃபேனைச் சோதியுங்கள். அப்போதும் ஓட்டினால் இந்தப் புது விளக்கும் வெளுத்துவிடும்.